இரண்டு மணிக்கு நின்றுபோன ஸ்கிரிப்ட்

“ஸ்கிரிப்ட் ஃபெயில் ஆனால் மறுபடி ஓட்டவும்.” பல அலுவலகங்களின் விக்கியில் இரவு வேலைக்கான பக்கத்தைத் திறந்தால் இந்த ஒரு வரியும், அதற்குக் கீழே ஒரு கமாண்டும்தான் இருக்கும். எழுதியவருக்கு அது போதும். ஸ்கிரிப்ட்டை எழுதியதே அவர்தான். ஆனால் பக்கத்தைப் படிக்கப்போவது அவர் இல்லை. இரவு இரண்டு மணிக்கு போன் அடித்து எழுப்பப்பட்ட, அந்த ஸ்கிரிப்ட்டை அதற்குமுன் பார்த்தே இராத இன்னொருவர்.

கணினித் துறைக்கு வெளியே இருப்பவர்களுக்கு இந்த உலகத்தைக் கொஞ்சம் அறிமுகப்படுத்திவிடுகிறேன். வங்கியோ மருத்துவமனையோ இன்டர்நெட் இணைப்பு தரும் கம்பெனியோ, பகல் முழுக்கச் சேர்ந்த கணக்கை ஆள் நடமாட்டம் குறைந்த இரவில் ஒழுங்குபடுத்த ஒரு சிறு நிரலை வைத்திருக்கும். அதற்கு மனிதர் யாரும் பொத்தானை அழுத்துவதில்லை. சர்வரில் இருக்கும் நேரக்காப்பாளர் நிரல் குறித்த நேரத்தில் அதை எழுப்பும். லினக்ஸ் சர்வர்களில் அதன் பெயர் கிரான். ஸ்கிரிப்ட் ஏதாவது காரணத்தால் விழுந்தால், அந்த வாரம் முறை வைத்து ‘ஆன்-கால்’ பார்க்கும் ஊழியரின் போன் அலறும். அப்போது அவர் திறந்து பார்க்க வேண்டிய செய்முறைப் பக்கத்தைத்தான் ரன்புக் என்கிறார்கள்.

ஒரு ரன்புக் எப்படி இருக்க வேண்டும் என்பதை ஒரு கற்பனைக் கம்பெனியை வைத்துப் பார்ப்போம். கோவையில் வீடுகளுக்கு இன்டர்நெட் தரும் நிறுவனம் ஒன்று. வாடிக்கையாளர்கள் பகலில் யுபிஐ வழியாகவும் கார்டு வழியாகவும் கட்டிய பணத்தின் பட்டியல் நள்ளிரவுக்குப் பிறகு ஒரு ஃபைலாக வந்து சேர்கிறது. 1.30 மணிக்கு ஸ்கிரிப்ட் எழுந்து அதைத் திறக்கிறது. ஒவ்வொரு வரியையும் அந்தந்த வாடிக்கையாளர் கணக்கில் வரவு வைக்கிறது. எல்லாம் முடிந்ததும் “உங்கள் கட்டணம் கிடைத்தது” என்று எஸ்எம்எஸ் அனுப்புகிறது. காலை 7 மணிக்கு வேறொரு ஸ்கிரிப்ட் எழுந்து, பாக்கி வைத்திருப்பவர்களின் இணைப்பைத் துண்டிக்கிறது.

மார்ச் 12 அதிகாலை 1.45க்கு அலர்ட் வருகிறது. ஆன்-கால் பார்க்கும் பெண் வேலையில் சேர்ந்து சில மாதங்களே ஆனவர். முதல் வேலையாகச் சீனியருக்குப் போன் போடுகிறார்.

“சார், நைட் ஜாப் ஃபெயில் ஆயிருக்கு. திரும்ப ஓட்டிடட்டுமா?”

“எதுவரைக்கும் போய் நின்னுருக்குன்னு பாத்தியாம்மா?”

இந்தக் கேள்வி சீனியரின் தலைக்குள் இருக்கிறது, விக்கியில் இல்லை. அதுதான் அந்தப் பக்கத்தின் குறை. மறுபடி ஓட்டும் கமாண்ட் ஒரு வரி. அதை அடிக்கலாமா என்று முடிவெடுக்க உதவும் விஷயங்களே ரன்புக்கின் பெரும்பகுதியாக இருக்க வேண்டும்.

பக்கத்தின் முதல் வரியாக நான் கேட்பது ஒன்றே ஒன்று: காலைவரை யாரும் எதுவும் செய்யாவிட்டால் என்ன ஆகும்? சில ஸ்கிரிப்ட்டுகளுக்குப் பதில் “ஒன்றும் ஆகாது, ஒன்பது மணிக்கு வந்து பார்க்கலாம்” என்பதுதான். அப்படியானால் போன் அடித்ததே தவறு. நம் கம்பெனியில் பதில் வேறு. 7 மணிக்குள் வரவு ஏறாவிட்டால், நேற்றுப் பணம் கட்டியவர்களின் இணைப்பும் சேர்ந்து அறுந்துபோகும். ஆக, கையில் ஐந்து மணி நேரம் இருக்கிறது. இது தெரிந்தாலே பதற்றம் பாதி குறையும். அவசரம் என்று நினைத்து இரண்டு நிமிடத்தில் கமாண்டை அடிப்பவர்தான் பெரும்பாலும் காரியத்தைக் கெடுக்கிறார்.

அடுத்து, ஸ்கிரிப்ட் உண்மையிலேயே நின்றுவிட்டதா என்று பார்க்க வேண்டும். “15 நிமிடத்தில் முடியவில்லை” என்று அலர்ட் வந்தால், அது செத்துவிட்டது என்று பொருளில்லை. மெதுவாக ஓடிக்கொண்டும் இருக்கலாம். அந்த நிலையில் இன்னொரு பிரதியை ஓட்டினால் ஒரே ஃபைலை இரண்டு பேர் ஒரே நேரத்தில் பதிவுசெய்யத் தொடங்குவார்கள்.

```
hostname
pgrep -af post.sh
```

முதல் கமாண்ட் நாம் எந்த சர்வரில் நிற்கிறோம் என்று சொல்லும். அது ஏன் தேவை என்பதற்குப் பிறகு வருகிறேன். இரண்டாவது, `post.sh` இன்னும் ஓடுகிறதா என்று காட்டும். எதுவும் வராவிட்டால் நின்றுவிட்டது.

இங்கே ஒரு பழைய கண்ணி இருக்கிறது. இரண்டு பிரதிகள் ஓடாமல் தடுக்கப் பல ஸ்கிரிப்ட்டுகள் ஒரு பூட்டு ஃபைலை உருவாக்கி வைக்கும். ஸ்கிரிப்ட் பாதியில் விழுந்தால் அந்த ஃபைல் அப்படியே கிடக்கும். அடுத்த முறை “ஏற்கெனவே ஓடுகிறது” என்று சொல்லி ஸ்கிரிப்ட் மறுத்துவிடும். உடனே விக்கியில் யாரோ “பூட்டு ஃபைலை அழிக்கவும்” என்று சேர்த்திருப்பார்கள். நாளடைவில் அது பழக்கமாகி, ஸ்கிரிப்ட் உண்மையிலேயே ஓடிக்கொண்டிருக்கும் ஓர் இரவிலும் யாராவது அழித்துவிடுவார்கள். `flock` என்ற கருவியைப் பயன்படுத்தினால் இந்தத் தொல்லை இல்லை. அந்தப் பூட்டைப் பிடித்திருப்பது ஓடும் நிரல்தான். நிரல் செத்ததும் இயங்குதளமே பூட்டை விடுவித்துவிடும், ஃபைல் மிச்சம் கிடந்தாலும் பரவாயில்லை. உங்கள் ரன்புக்கில் பூட்டை அழிக்கச் சொல்லும் வரி இருந்தால், முதலில் திருத்த வேண்டியது ஸ்கிரிப்ட்டை.

இனி சீனியர் கேட்ட கேள்விக்கு வருவோம். ஸ்கிரிப்ட் தான் செய்ததையெல்லாம் எழுதிவைக்கும் லாக் ஃபைலின் கடைசி வரிகள் இப்படி இருக்கின்றன:

```
01:31:02 START date=2025-03-11 rows=6300
01:38:47 posted 4100
01:38:49 ERROR No space left on device
01:38:49 EXIT 1
```

6,300 வரிகளில் 4,100 முடிந்திருக்கிறது. டிஸ்க்கில் இடமில்லாமல் நின்றிருக்கிறது. காரணம் கிடைத்த மகிழ்ச்சியில் பலர் இங்கேயே இடத்தைக் காலிசெய்துவிட்டு ஸ்கிரிப்ட்டை ஓட்டிவிடுவார்கள். கல்யாண வீட்டில் மொய் எழுதுபவர் பாதியில் எழுந்து போய், புதிதாக உட்கார்ந்தவர் முதல் கவரிலிருந்து மறுபடி எழுதத் தொடங்கினால் என்ன ஆகுமோ அதுதான் இங்கும் ஆகும். நான்காயிரத்துச் சொச்சம் பேருக்கு இரண்டு முறை வரவு ஏறிவிடும். யாரும் உடனே புகார் சொல்லமாட்டார்கள், பணம் அதிகமாக இருப்பதாகக் காட்டினால் யார் சொல்வார்கள்? மாதக் கடைசியில் வங்கிக் கணக்கோடு ஒப்பிடும்போதுதான் தெரியவரும்.

லாக் சொல்லும் 4,100 என்ற எண்ணையும் நம்பக் கூடாது. இந்த ஸ்கிரிப்ட் ஒவ்வொரு நூறு வரிக்கும் ஒரு முறைதான் லாகில் எழுதுகிறது. 4,100க்கும் 4,200க்கும் நடுவில் எங்கோ விழுந்திருக்கிறது. லாகும் அதே டிஸ்க்கில் இருந்தால், இடமில்லாமல் போனபோது கடைசி வரிகளே பதிவாகாமலும் போயிருக்கலாம். சரியான பதில் வேறொரு சர்வரில் இருக்கும் டேட்டாபேஸில் இருக்கிறது.

```
SELECT count(*) FROM payments
WHERE pay_date = '2025-03-11';
```

ரன்புக் இந்தக் கேள்வியைத் தருவதோடு நிற்காமல், வரும் விடைக்கு என்ன பொருள் என்றும் சொல்ல வேண்டும். பூஜ்யம் வந்தால், எல்லா வரிகளையும் ஒரே கட்டாகச் சேமிக்கும்படி ஸ்கிரிப்ட் எழுதப்பட்டிருக்கிறது, கட்டு முழுதாகாததால் டேட்டாபேஸ் அனைத்தையும் திருப்பிக்கொண்டுவிட்டது என்று அர்த்தம். தாராளமாக மறுபடி ஓட்டலாம். 6,300 வந்தால் பதிவு முடிந்து, அதற்குப் பிந்தைய எஸ்எம்எஸ் கட்டத்தில்தான் விழுந்திருக்கிறது. நம் கதையில் வந்த விடை 4,163. பாதிக் கிணறு.

இந்த நிலையில் ஓட்டலாமா என்பது ஸ்கிரிப்ட் எழுதியவர் முன்யோசனையோடு இருந்தாரா என்பதைப் பொறுத்தது. ஒவ்வொரு பணப் பரிமாற்றத்துக்கும் தனி எண் உண்டு. அந்த எண் இரண்டாம் முறை வந்தால் ஏற்கக் கூடாது என்று டேட்டாபேஸிலேயே விதி வைத்திருந்தால், ஏற்கெனவே ஏறிய 4,163 வரிகளையும் ஸ்கிரிப்ட் சத்தமில்லாமல் தாண்டிப் போய் மீதி 2,137 வரிகளை மட்டும் ஏற்றும். போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸில் இதைச் செய்வது `ON CONFLICT DO NOTHING` என்ற சிறு தொடர். அது இருக்கிறதா என்று இரவு இரண்டு மணிக்கு நிரலைத் திறந்து தேடச் சொல்வது நியாயமில்லை. “பாதியில் நின்றாலும் மறுபடி ஓட்டலாம், சோதனை சர்வரில் இன்ன தேதியில் ஓட்டிப் பார்த்தோம்” என்று பக்கத்தில் எழுதியிருக்க வேண்டும். எழுதப்படாவிட்டால் ஓட்டக் கூடாது, ஸ்கிரிப்ட்டுக்குப் பொறுப்பானவரை எழுப்ப வேண்டும். எஸ்எம்எஸ்ஸுக்கு இந்தப் பாதுகாப்பு எதுவும் இல்லை. போனது போனதுதான். அதனால் அதைத் தனி ஸ்கிரிப்ட்டாகப் பிரித்து வைப்பதே என் கட்சி.

டிஸ்க்கைக் காலிசெய்யும் வேலையும் பார்ப்பதைப் போல எளிதில்லை. `df -h` என்று அடித்தால் எந்தப் பகுதி நிரம்பியது என்று தெரியும். பெரும்பாலும் குற்றவாளி யாரோ மறந்துவிட்ட ஒரு லாக் ஃபைல். நம் ஊழியர் அதை `rm` போட்டு அழிக்கிறார். மறுபடி `df -h` பார்த்தால் அப்போதும் 100 சதவீதம். லினக்ஸில் ஒரு நிரல் திறந்து வைத்திருக்கும் ஃபைலை அழித்தால் பெயர்தான் போகும். அந்த நிரல் அதை மூடும்வரை இடம் திரும்பாது. அதனால் ஓடும் நிரலின் லாகை அழிக்காமல், உள்ளடக்கத்தை மட்டும் காலிசெய்ய வேண்டும்.

```
truncate -s 0 /var/log/app/debug.log
```

எந்த ஃபைலைக் காலிசெய்யலாம் என்று ரன்புக் பெயர் சொல்லியே குறிப்பிட வேண்டும். “தேவையில்லாத ஃபைல்களை நீக்கவும்” என்று எழுதினால், தூக்கக் கலக்கத்தில் விழுந்த ஸ்கிரிப்ட்டின் லாகையே ஒருவர் நீக்கிவிடுவார். காலையில் காரணம் தேடுபவருக்கு எதுவும் மிஞ்சாது.

இப்போதுதான் மறுபடி ஓட்டும் கட்டம்.

```
tmux
sudo -u billing /opt/billing/post.sh --date 2025-03-11
```

இரண்டாம் வரியில் இருக்கும் இரண்டு துண்டுகளுக்கும் பின்னால் கதை உண்டு. `sudo -u billing` என்பது, தினமும் இரவில் ஸ்கிரிப்ட் எந்தப் பயனர் பெயரில் ஓடுமோ அதே பெயரில் ஓட்டு என்று சொல்கிறது. இதை விட்டுவிட்டு எல்லா அதிகாரமும் உள்ள ரூட் பயனராக ஓட்டினால் அன்றைக்கு அழகாக ஓடி முடியும். ஆனால் ஸ்கிரிப்ட் உருவாக்கும் ஃபைல்கள் ரூட்டின் சொத்தாகிவிடும். மறுநாள் இரவு வழக்கமான பயனராக எழுந்த ஸ்கிரிப்ட், அந்த ஃபைல்களில் எழுத அனுமதி இல்லாமல் மறுபடி விழும். “நேற்றுதானே சரிசெய்தோம்” என்று இரண்டாம் நாள் ஆன்-கால் பார்ப்பவர் குழம்பிப்போவார். ஒரே ஸ்கிரிப்ட் அடுத்தடுத்த இரவுகளில் வேறு வேறு பிழை காட்டி விழுந்தால், முதல் இரவு எப்படிச் சரிசெய்தார்கள் என்று கேட்பது நல்லது.

`--date` இன்னும் நுட்பமானது. உலகெங்கும் சர்வர்களின் கடிகாரத்தை யுடிசி என்ற பொது நேரத்தில் வைப்பது வழக்கம். நம் நேரம் அதற்கு ஐந்தரை மணி முன்னால். நமக்கு மார்ச் 12 அதிகாலை 1.30 என்றால் அந்தக் கடிகாரத்தில் மார்ச் 11 இரவு 8 மணி. எனவே “இன்றைய தேதி” என்று கேட்கும் ஸ்கிரிப்ட்டுக்கு மார்ச் 11 என்று பதில் வரும், சரியான ஃபைல் கிடைக்கும். சிக்கலை அவிழ்த்து முடிக்கக் காலை 5.45 ஆகிவிட்டது என்று வையுங்கள். 5.30க்கு சர்வரில் தேதி மாறிவிட்டது. இப்போது தேதி கொடுக்காமல் ஓட்டினால் ஸ்கிரிப்ட் மார்ச் 12க்கான ஃபைலைத் தேடும். ஃபைல் இல்லை என்று பிழை காட்டினால் நம் அதிர்ஷ்டம். “பதிவுசெய்ய எதுவும் இல்லை, வேலை முடிந்தது” என்று வெற்றியாக முடித்துக்கொள்ளும் ஸ்கிரிப்ட்டுகளும் இருக்கின்றன. அலர்ட் அணைந்துவிடும், ஊழியர் தூங்கப் போய்விடுவார், 7 மணிக்கு இணைப்புகள் அறுபடத் தொடங்கும்.

முதல் வரியில் இருக்கும் `tmux` நம் ஊருக்கு அவசியமானது. வீட்டிலிருந்து இணைந்து வேலை பார்க்கும்போது மின்சாரம் போய் வைஃபை அணைந்தால், அந்த இணைப்போடு சேர்ந்து ஓடிக்கொண்டிருக்கும் ஸ்கிரிப்ட்டும் செத்துப்போகலாம். `tmux` அதை சர்வர் பக்கமே உயிரோடு வைத்திருக்கும்.

ஓடி முடிந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது? “பிழை வரவில்லை” என்பது போதாது. டேட்டாபேஸில் அதே எண்ணும் கேள்வியை மறுபடி கேட்க வேண்டும். 6,300 வர வேண்டும். தொகையின் கூட்டலும் ஃபைலில் உள்ள கூட்டலும் ஒத்துப்போக வேண்டும். இவ்வளவு கறாராகச் சொல்லக் காரணம் 2017இல் கிட்லேப் நிறுவனத்தில் நடந்தது. நிரலாளர்கள் தங்கள் நிரல்களைச் சேமித்து வைக்கும் தளம் அது. அந்த ஆண்டு ஜனவரி 31 இரவு, இரண்டு டேட்டாபேஸ் சர்வர்களில் துணை சர்வர் சரியாக இயங்காததால், அதில் இருந்த தரவுகளை அழித்து முதலிலிருந்து தொடங்க ஒரு பொறியாளர் முயன்றார். ஆனால் அழிக்கும் கமாண்டை அடித்தது முதன்மை சர்வரில். ஓரிரு விநாடிகளில் உணர்ந்து நிறுத்தினார். அதற்குள் ஏறக்குறைய 300 ஜிபியில் 4.5 ஜிபிதான் மிஞ்சியது. `hostname` என்ற அந்தச் சின்னக் கமாண்டை ரன்புக்கின் தொடக்கத்திலேயே வைக்கச் சொன்னது இதற்காகத்தான். பின்னர் எந்த சர்வரில் இருக்கிறோம் என்பது திரையில் தெளிவாகத் தெரியும்படி செய்வதையும் கிட்லேப் தன் திருத்தங்களில் சேர்த்தது.

நமக்கு முக்கியமானது அதற்கு அடுத்த காட்சி. தினமும் ஒருமுறை `pg_dump` மூலம் பிரதி எடுக்கும் ஸ்கிரிப்ட் ஒன்று அவர்களிடம் இருந்தது. அந்தப் பிரதியைத் தேடிப்போனால் சேமிப்பிடம் காலியாக இருந்தது. டேட்டாபேஸ் 9.6 பதிப்பில் இருக்க, ஸ்கிரிப்ட் பழைய 9.2 பதிப்புக் கருவியை அழைத்துக்கொண்டிருந்தது. அது ஒவ்வொரு முறையும் பிழையோடு நின்றிருக்கிறது. பிழை ஏற்பட்டால் மின்னஞ்சல் அனுப்பும் ஏற்பாடும் இருந்தது. ஆனால் அனுப்புநரைச் சரிபார்க்கும் விதிகளுக்கு அந்த மின்னஞ்சல்கள் உட்படாததால், பெறும் பக்கம் அவற்றை நிராகரித்துவிட்டது. ஸ்கிரிப்ட் விழுந்ததும் தெரியவில்லை, தெரியவில்லை என்பதும் தெரியவில்லை. கடைசியில் சுமார் 6 மணி நேரத்துக்கு முன் வேறொரு காரணத்துக்காகக் கையால் எடுத்து வைத்திருந்த ஒரு பிரதி கைகொடுத்தது. இடைப்பட்ட நேரத்துத் தரவு போனது போனதுதான். இவை அனைத்தையும் கிட்லேப் தானே வெளிப்படையாக எழுதி வெளியிட்டது.

ஆகவே விளைவைப் பார்ப்பதுதான் சரிபார்ப்பு. பிரதி எடுக்கும் ஸ்கிரிப்ட்டானால், ஃபைல் இருக்கிறதா, அளவு நேற்றைய அளவுக்கு அருகில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அலர்ட்டையும் திருப்பிப்போடுவது நல்லது. விழுந்தால் கத்தும் அலர்ட், ஸ்கிரிப்ட் தொடங்கவே இல்லையென்றால் கத்தாது. “2 மணிக்குள் முடிந்த செய்தி வராவிட்டால் எழுப்பு” என்று வேறொரு இடத்திலிருந்து கவனிக்க வேண்டும்.

மறுபடி ஓட்டியும் விழுந்தால்? ரன்புக்கில் ஓர் எல்லை இருந்தே ஆக வேண்டும். காரணம் தெரியாமல் விழுந்தால் ஒருமுறைக்கு மேல் ஓட்டாதே, இன்னாரைக் கூப்பிடு, அவர் எடுக்காவிட்டால் இன்னாரை. இங்கே ஆளின் பெயரைவிடப் பொறுப்பின் பெயரையும் முறைப்பட்டியலின் இணைப்பையும் தருவது நல்லது. ஆட்கள் கம்பெனி மாறிக்கொண்டே இருப்பார்கள். நம் உதாரணத்தில் பக்கத்தின் விலைமதிப்பான வரி வேறொன்று: 6.15க்குள் சரியாகாவிட்டால், துண்டிக்கும் ஸ்கிரிப்ட்டை நிறுத்து.

```
sudo systemctl stop disconnect.timer
```

பணம் கட்டாத சிலர் ஒரு நாள் இலவசமாக இன்டர்நெட் பார்ப்பார்கள். பணம் கட்டியவர்களைத் துண்டிப்பதைவிட அது எவ்வளவோ மேல். இந்த முடிவை எடுக்க ஒரு புது ஊழியருக்குத் துணிச்சல் வராது; முன்கூட்டியே மேலாளர் ஒப்புக்கொண்டு பக்கத்தில் எழுதிவைத்திருந்தால் வரும். நிறுத்தியதை மறுபடி தொடங்க யார் பொறுப்பு என்றும் அங்கேயே எழுத வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த மாதம்வரை யாருக்கும் இணைப்பு அறாது.

இரவு வேலைகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருப்பவை என்பதற்குப் பிரிட்டன் பெரும் விலை கொடுத்தது. 2012 ஜூனில் ஆர்பிஎஸ் வங்கிக் குழுமத்தில் இரவு வேலைகளை வரிசைப்படுத்தி ஓட்டும் மென்பொருளைப் புதுப்பித்தார்கள். சிக்கல் வந்ததும், திரும்பப் போவதால் என்ன ஆகும் என்று சோதிக்காமலேயே பழைய பதிப்புக்குத் திரும்பினார்கள். இரண்டும் ஒத்துப்போகவில்லை, இரவுக் கணக்குகள் தேங்கின. 65 லட்சத்துக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்கள் பாதிக்கப்பட்டார்கள். குழுமத்தைச் சேர்ந்த அல்ஸ்டர் வங்கியில் தடங்கல் ஜூலை 10வரை நீடித்தது. 2014இல் கண்காணிப்பு அமைப்புகள் மொத்தம் 5.6 கோடி பவுண்டு அபராதம் விதித்தன. பின்வாங்கும் வழியையும் முன்னதாக நடந்து பார்த்திருக்க வேண்டும் என்பதை ரன்புக் எழுதுபவர்கள் இன்னும் அடிக்கடி மறக்கிறார்கள்.

பக்கம் சரியாக இருக்கிறதா என்று அறிய ஒரே வழி, அதை எழுதாத ஒருவரிடம் கொடுத்துச் சோதனை சர்வரில் செய்யச் சொல்லி, வாய் திறக்காமல் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது. அவர் எங்கே திரும்பி முகத்தைப் பார்க்கிறாரோ அங்கே ஒரு வரி விடுபட்டிருக்கிறது. விக்கியில் இருக்கும் வசதி, அந்த வரியை அப்போதே சேர்த்துவிடலாம் என்பது. சங்கடமும் உண்டு: விக்கி ஓடும் சர்வரே விழுந்தால் பக்கம் திறக்காது. ஆன்-கால் பார்ப்பவர் தன் லேப்டாப்பில் ஒரு பிரதி வைத்திருப்பது நல்லது.

மார்ச் 12 காலை பத்து மணிக்கு அந்த ஊழியரும் சீனியரும் உட்கார்ந்து பக்கத்தைத் திருத்துகிறார்கள். டேட்டாபேஸ் கேள்வி, தேதி, பயனர் பெயர் எல்லாம் ஏறுகின்றன. டிஸ்க் நிரம்பினால் என்ன செய்வது என்று ஊழியர் நீளமாக எழுதத் தொடங்கும்போது சீனியர் தடுக்கிறார். லாக் ஃபைல்களைக் குறித்த அளவில் தானாகவே சுழற்றி, பழையவற்றை நீக்கும் `logrotate` கருவியில் அந்த `debug.log` சேர்க்கப்படவில்லை. அதைச் சேர்க்கப் பத்து நிமிடம் ஆகிறது. டிஸ்க் பற்றிப் பக்கத்தில் இப்போது இரண்டே வரிகள்தான் இருக்கின்றன.